650 ரூபாய்க் கிலுகிலுப்பைக்கு 45 விநாடி

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சென்னப்பட்டணம். அங்கே கடையும் மரப் பொம்மைகளை வாங்கி, அல்சூரிலோ ஜெயநகரிலோ வீட்டிலிருந்தபடி இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் வருகிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இதே மாதிரி கடையில 180 ரூபாய்க்குக் கிடைக்குதே, உங்ககிட்ட ஏன் 650?"

இதற்குப் பதிலாகப் பெரும்பாலான ரீல்கள் சொல்வது திப்பு சுல்தான் காலத்துக் கதையை. அந்தப் பாரம்பரியக் கதை உண்டுதான். ஆனால் அதே தெருவில் 180 ரூபாய்ப் பொம்மை விற்பவரும் அதையேதான் சொல்கிறார். இருவருக்கும் பொதுவான கதை உங்கள் விலைக்குக் காரணம் ஆகாது. உங்கள் பொம்மையில் மட்டும் நடக்கிற, முடிந்த பொம்மையைப் பார்த்தால் தெரியாத ஒரு வேலையைத்தான் ரீலில் காட்ட வேண்டும்.

சென்னப்பட்டணத்தில் அந்த வேலை அரக்கு ஏற்றுவது. பொம்மைக்குத் தூரிகையால் வண்ணம் பூசுவதில்லை. நிறம் கலந்த அரக்கைக் குச்சியாக உருட்டி வைத்திருப்பார்கள். கடைசல் எந்திரத்தில் வேகமாகச் சுழலும் மரத்தின்மேல் அந்தக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஒட்டிப் படரும். அதன்பின் தாழை ஓலையை மடித்து அதே சுழற்சியில் அழுத்துவார்கள். அரக்கு சமமாகப் பரவி, பளபளப்பு ஏறும். வெளிறிய மரம் இரண்டு மூன்று விநாடியில் சிவப்பாக மாறுவது, பார்ப்பவர் விரலைத் திரையில் நிறுத்திவிடும் காட்சி. ரீல் அங்கேதான் தொடங்க வேண்டும். "வணக்கம் நண்பர்களே" வேண்டாம், உங்கள் கடையின் லோகோவும் வேண்டாம்.

ஸ்கிரிப்ட் எழுதுமுன் பட்டறையில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாடலில் ஒரு நாளைக்கு எத்தனை செய்வீர்கள்? ரீலின் முதுகெலும்பு அந்த எண்தான். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மூன்று நிறக் கிலுகிலுப்பை ஒருவர் கையில் நாளைக்கு ஆறு வருகிறது, நாள் கூலி 1,200 ரூபாய் என்றால், ஒன்றுக்குக் கூலி 200. மரமும் அரக்கும் 60, பெட்டியும் பேக்கிங்கும் 50, கூரியர் 80, விரிசல் விட்டுக் கழிக்கும் உருப்படிகளின் பங்கு 30. மொத்தம் 420. மீதி 230-இல் உங்கள் உழைப்பு, வரி, திரும்பி வரும் சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ரீலில் போடாதீர்கள். ரூபாய்ப் பட்டியலைக் காட்டினால் வாங்குபவர் கண் நேராக 230-க்குப் போகும், பேரம் அங்கே ஆரம்பிக்கும். "நாளைக்கு ஆறுதான்" என்று சொன்னால் அவரே மனதில் வகுத்துப் பார்த்துக்கொள்வார்.

இனி ஸ்கிரிப்ட். சொந்த வாயால் படித்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள். 45 விநாடிக்கு 70, 75 தமிழ்ச் சொற்களுக்குமேல் வைத்தால் மூச்சு முட்டும்.

முதல் நான்கு விநாடி: சுழலும் வெறும் மரத்தில் சிவப்புக் குச்சி தொடுகிறது. குரல்: "இது பெயின்ட் இல்ல. அடுப்பும் கிடையாது. உரசுற சூட்டுலயே அரக்கு உருகுது."

அடுத்து பன்னிரண்டாவது விநாடி வரை: அடுக்கி வைத்த மரக்கட்டைகள், ஒரு கட்டையைக் கையில் எடுக்கிறார். "மரம் வெட்பாலை. வெட்டின உடனே கடைய முடியாது, மாசக்கணக்குல காய வைக்கணும்."

இருபத்தைந்து வரை: உளி, சீவல், நிறம் மாறி மாறி ஏறுவது. இங்கே உங்கள் குரலை நிறுத்திவிட்டு எந்திரத்தின் இரைச்சலை அப்படியே விடுங்கள். கைவினைஞரே ஒரு வாக்கியம் கன்னடத்தில் பேசினால் இன்னும் நல்லது, கீழே எழுத்து போட்டுக்கொள்ளலாம். அவர் முகமும் பெயரும் வருவதற்கு முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள்.

முப்பத்தைந்து வரை: தாழை ஓலை, பிறகு விரிசல் விட்ட ஒன்றை ஓரமாகப் போடுகிறார். "மெருகு ஏத்துறது தாழை ஓலை. லேசா விரிசல் இருந்தாலும் இது உங்க வீட்டுக்கு வராது. ஒருத்தர் கையில ஒரு நாளைக்கு ஆறுதான்."

கடைசிப் பத்து விநாடி: முடிந்த பொம்மை ஒரு கையில் குலுங்குகிறது. "விலை 650, பெங்களூருக்குள்ள டெலிவரி சேர்த்து. அடுத்த தவணை பன்னெண்டு தயார்." விலையை வாயால் சொல்லுங்கள், திரையிலும் எழுதுங்கள். "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று மறைத்தால், 180 ரூபாய் எதிர்பார்க்கிறவர்கள்தான் இன்பாக்ஸை நிரப்புவார்கள்.

படம் எடுக்கும்போது பட்டறையில் வருகிற தொல்லை ஒன்று உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டின் கீழ் போன் தானாக எடுக்கும் வீடியோவில் வெளிச்சம் கோடு கோடாகத் துடிக்கும்; ஸ்லோ மோஷனில் இன்னும் மோசம். ஜன்னல் பக்கம் பகலில் எடுங்கள். முடியாவிட்டால் போனில் 25 பிரேமும் ஷட்டர் 1/50-உம் வைத்து, அரை நிமிடம் சோதித்துப் பாருங்கள்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. பல பட்டறைகளில் கடைசல் எந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. அதை மறைத்து "முழுக்கக் கையால்" என்று சொல்லாதீர்கள். படத்தில் மோட்டார் தெரியும், கருத்துப் பெட்டியில் யாராவது கேட்பார்கள். எந்திரம் சுற்றுகிறது, வடிவம் கையில் வருகிறது என்பதே போதுமான பெருமை. மஞ்சள் போன்ற இயற்கை நிறங்கள் வழக்கில் உண்டு, செயற்கை நிறமும் உண்டு. உங்கள் பட்டறையில் எது என்று கேட்டுத் தெரிந்த பிறகே "இயற்கைச் சாயம்" என்று எழுதுங்கள். "குழந்தை வாயில் வைத்தாலும் ஆபத்தில்லை" என்பதற்குச் சோதனை அறிக்கை கையில் வேண்டும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தரக்குறி கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. 2005-06-இல் சென்னப்பட்டணப் பொம்மைகளுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் ஊரையும் முறையையும்தான் சொல்கிறது.

நீங்கள் செய்பவர் இல்லை, வாங்கி விற்பவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். "நான் டிசைன் சொல்வேன், இவர் கடைவார்" என்ற ஒரு வரி நம்பிக்கையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

போட்டபின் லைக்குகளைப் பார்க்காதீர்கள். ரீலின் புள்ளிவிவரத்தில், பார்வையாளர்கள் எந்த விநாடியில் விலகுகிறார்கள் என்ற கோடு இருக்கும். முதல் மூன்று விநாடியில் சரிந்தால் தொடக்கக் காட்சி தவறு. அரக்கு நிறம் ஏறும் நெருக்கக் காட்சியை முன்னால் இழுங்கள். நடுவில், மரக்கட்டை வரும் இடத்தில் சரிந்தால் அந்த எட்டு விநாடியை நான்காக்குங்கள். விலை வரும் இடத்தில் சரிந்தால் பதற வேண்டாம், வாங்காதவர்கள் அங்கே விலகுவதுதான் முறை. விலை எழுதியும் "எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், திரையின் அடியில் வரும் பெயரும் விவரமும் அந்த எழுத்தை மறைத்திருக்கும், நடுவுக்கு ஏற்றுங்கள். "ரொம்ப விலை" என்று வரும் கருத்துக்கு வாதாடவும் வேண்டாம். தாழை ஓலைக் காட்சியை மட்டும் தனியாக வெட்டி, அந்தக் கருத்துக்கான பதில் ரீலாகப் போடுங்கள்.