நீர் வடிந்தும் வறளும் கண்கள்

ஐம்பத்து மூன்று வயதுடைய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மாதவிலக்கு நின்று ஈராண்டுகள் ஆகின்றன. விடியற்காலையில் தலைவிளக்கின் ஒளியில் மரப்பட்டையைச் சீவும்பொழுது கண்கள் மணல் விழுந்தாற்போல் உறுத்துகின்றன. காற்றுப் பட்டவுடன் நீர் வடிகின்றது. சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி நாள்தோறும் விட்டு வருகிறார். சிவப்பு சற்றே மறைந்து, முன்னிலும் மிகுதியாகத் திரும்புகின்றது. இது கண் வறட்சி என்று மருத்துவர் கூறினால் அவர் எளிதில் நம்பமாட்டார்.

காரணம் இதுதான். கண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. இமையோரச் சுரப்பிகள் அதனைத் தருகின்றன. மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன்கள் குறைவதால் அவ்வெண்ணெய் குறைந்து தடித்துவிடலாம். அப்பொழுது கண்ணீர் விரைவில் ஆவியாகின்றது. வறண்ட கண் எரிச்சலுற்று நீரைப் பெருக்கும். அந்நீரோ கண்ணில் தங்காது கன்னத்தில் வழிந்துவிடும்.

ஆகவே தடித்த எண்ணெயை இளக்க வேண்டும். தூய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, சூட்டை மணிக்கட்டில் பார்த்தபின், மூடிய இமைகள்மீது ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். துணி ஆறினால் மீண்டும் நனையுங்கள். பின்னர் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல வருடுங்கள். காலையும் இரவும் செய்தால், பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் உதவும். நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் விட நேர்ந்தால் பதனப்பொருள் சேராததைக் கேட்டு வாங்குங்கள். சளிக்கும் அரிப்புக்கும் உண்ணும் சில மாத்திரைகள் வறட்சியை மிகுவிக்கும்; விறகுப் புகையும் அவ்வாறே. கண்வலி, பார்வை மங்கல், ஒளி கண்டு கூசுதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தோலிலும் இதே மாற்றம் நிகழ்கின்றது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம், மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகின்றது. கொலாஜன் கலந்த களிம்பைப் பூசி அதனைத் திரும்ப நிரப்ப இயலாது. விலையுயர்ந்த கொலாஜன் பூச்சுகளுக்குப் பணம் செலவிடுவதைக் காட்டிலும், எஞ்சியுள்ளதை வெயிலினின்று காக்கும் நீண்ட கைச்சட்டையும் தொப்பியும் மேலானவை.

வறட்சிக்கு வழி எளிது. சூடான நீரில் நெடுநேரம் குளிக்காதீர்கள். பால் கறைக்கு மண்ணெண்ணெய் தேய்ப்போரும் உண்டு. அது தோலின் எண்ணெயையும் சேர்த்தே எடுத்துவிடும். மென்மையான சோப்பே போதும். குளித்துத் துடைத்தவுடன், ஈரம் முற்றும் காயுமுன் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள். ஈரம் உள்ளேயே தங்கும்.

மெலிந்த தோல் முள் கீறினாலும் உரிந்து தொங்கும். அதனைப் பிய்த்தெறியாமல், தூய நீரில் கழுவி, பழைய இடத்திலேயே மெல்லப் படியவைத்துத் துணிக்கட்டுப் போடுங்கள். ஒட்டும் பிளாஸ்திரி வேண்டாம். எடுக்கும்பொழுது தோலும் உடன் வரும்.