மாதிரியின் வடக்கு எந்த வடக்கு?

மதுரைப் புறநகரில், சாய்வாகச் செல்லும் சாலையை ஒட்டி 60 மீட்டர் நீளக் கட்டடம் ஒன்று எழப்போவதாக வைத்துக்கொள்வோம். 6 மீட்டருக்கு ஒன்றாக 11 தூண்கள். முதல் தூணுக்கும் கடைசித் தூணுக்கும் தரையில் முளை அடித்தாயிற்று. சர்வேயர் அந்த இரு முளைகளையும் டிஜிபிஎஸ் கருவியால் அளந்து, யூடிஎம் முறையில் எண்கள் தருகிறார். முதல் முளை: ஈஸ்டிங் 184250.000, நார்த்திங் 1099400.000. கடைசி முளை: ஈஸ்டிங் 184298.040, நார்த்திங் 1099436.030. முதல் முளையின் மட்டம் 132.500 மீட்டர். கட்டடக்கலைஞரின் கணினியில் ரெவிட் மாதிரி தயாராக இருக்கிறது. அதை இந்த எண்களில் உட்கார வைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நான்கு தவறான நம்பிக்கைகள் குறுக்கே வருகின்றன.

நம்பிக்கை 1: மென்பொருளில் True North என்றால் துருவத்தை நோக்கிய வடக்கு.

உண்மை: பெயர் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ரெவிட்டில் True North என்பது சர்வே எண்களின் வடக்கு அச்சு. யூடிஎம் எண்களைக் கொடுத்தால் அது யூடிஎம் கட்டங்களின் வடக்கு. Project North என்பது வரைபவரின் வசதிக்காகக் கட்டடத்தின் சுவர்களைத் தாளில் நேராக நிறுத்திக்கொள்ளும் திசை மட்டுமே.

யூடிஎம் முறை உலகை 6 பாகை அகல மண்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தட்டையாக்குகிறது. மண்டலத்தின் நடு தீர்க்கரேகையில் மட்டுமே கட்ட வடக்கும் மெய்வடக்கும் ஒன்று. விலக விலக இரண்டுக்கும் இடையே கோணம் விழுகிறது. சென்னையும் மதுரையும் 44-ஆம் மண்டலம். அதன் நடுக்கோடு 81 பாகை கிழக்கு. நடுக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள சென்னையில் இந்த விலகல் 0.17 பாகைதான். மதுரையிலோ ஏறத்தாழ அரைப் பாகை. வெயில், நிழல் கணக்குக்கு அரைப் பாகை பொருட்டல்ல. ஆனால் 300 மீட்டர் வளாகத்தில் ஒரு முனையைப் பிடித்து அரைப் பாகை திருப்பினால் மறுமுனை 2.6 மீட்டர் நகர்ந்துவிடும். செயற்கைக்கோள் படத்திலிருந்து மெய்வடக்கை எடுத்து True North கோணமாகத் தட்டச்சு செய்பவருக்கு நேர்வது இதுதான். திசைகாட்டி காட்டும் காந்த வடக்கு மூன்றாவது ரகம். ஆண்டுக்கு ஆண்டு அது மாறிக்கொண்டும் இருக்கும்.

தமிழ்நாட்டின் ஊடாகவே மண்டல எல்லை ஒன்றும் போகிறது. 78 பாகைக் கோட்டுக்கு மேற்கே உள்ள கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலம். மதுரை முளையின் எண்களை அந்த மண்டலத்தில் போட்டால் கட்டடம் லட்சத்தீவுப் பக்கம் அரபிக்கடலில் போய் நிற்கும்.

நம்பிக்கை 2: மாதிரியையே தூக்கி அந்த எண்களில் வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

உண்மை: அப்படி நகர்த்தினால் மாதிரி தன் மூலப்புள்ளியிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். திரையில் வரையும் பல நிரல்கள் 32 பிட் எண்களில் கணக்கிடுகின்றன. அந்த எண்ணால் சுமார் ஏழு இலக்கங்களைத்தான் துல்லியமாகப் பிடிக்க முடியும். 10,99,400 மீட்டர் என்ற அளவில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையிலான இடைவெளியே 12.5 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. விளைவு கண்ணில் படும்: வட்டத்தூண் பலகோணமாகத் தெரியும், கோடுகள் நடுங்கும், முனையைத் தொட்டால் பக்கத்தில் ஒட்டும். ரெவிட்டும் தன் உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் உருவங்களை வைத்திருக்கச் சொல்கிறது.

எனவே மாதிரி நகரக் கூடாது; அதற்கு முகவரி மட்டும் தர வேண்டும். Specify Coordinates at Point கட்டளையை எடுத்து, முதல் தூணின் மையத்தைச் சொடுக்கி, சர்வேயர் தந்த நார்த்திங், ஈஸ்டிங், மட்டம் மூன்றையும் உள்ளிட வேண்டும். கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்கும். உள் எண்ணுக்கும் சர்வே எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும்.

நம்பிக்கை 3: ஒரு புள்ளி பொருந்தினால் போதும்.

உண்மை: அதே பெட்டியில் கோணமும் கேட்கப்படும். அதை இரு முளைகளிலிருந்தே கணக்கிடலாம். ஈஸ்டிங் வித்தியாசம் 48.040, நார்த்திங் வித்தியாசம் 36.030. இதன்படி தூண் வரிசை, கட்டக் கிழக்கிலிருந்து 36.87 பாகை வடக்காகச் சாய்ந்திருக்கிறது. தூண் வரிசை மாதிரியில் கிடைமட்டமாக இருப்பதால், Project North-இலிருந்து True North 36.87 பாகை கிழக்கே இருக்கும்.

அந்தக் கிழக்கை மேற்கு என்று தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன ஆகும்? முதல் தூண் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது. கடைசித் தூணோ 72 மீட்டர் தெற்கே போயிருக்கும். முதல் தூணை மட்டும் சரிபார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே கடைசித் தூணிலும் எண்ணைப் படித்துப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகப் பொருள்.

நம்பிக்கை 4: எண்கள் சரியென்றால் நீளமும் சரி.

உண்மை: கோணத்தைச் சரியாகக் கொடுத்த பிறகும் மாதிரியின் கடைசித் தூண் 184298.000, 1099436.000 என்றே காட்டும். முளையோடு 5 சென்டிமீட்டர் வேறுபாடு. உடனே சர்வேயர் மீது சந்தேகம் எழும். முளைகளுக்கு நடுவே நாடா பிடித்தால் சரியாக 60 மீட்டர் இருக்கும். சர்வே எண்களிலிருந்து கணக்கிட்டால் 60.050 வரும். இரண்டுமே சரி.

உருண்டையைத் தட்டையாக்கும்போது நீளமும் மாறுகிறது. யூடிஎம் நடுக்கோட்டில் அளவுக்காரணி 0.9996, தள்ளிப்போகப் போக அது கூடும். சென்னையில் 100 மீட்டர் தரை நீளம் கட்டத்தில் 3 சென்டிமீட்டர் சுருங்கும். மண்டலத்தின் ஓரத்திலுள்ள மதுரையில் காரணி சுமார் 1.000834, அங்கே அதே 100 மீட்டர் 8 சென்டிமீட்டர் நீளும். யூடிஎம் எண்களை அப்படியே டோட்டல் ஸ்டேஷனில் ஏற்றி, காரணியை உள்ளிடாமல் தூண்களைக் குறித்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் 5 மில்லிமீட்டர் கூடும். தனியாகப் பார்த்தால் அது கண்ணில் படாது. பத்து இடைவெளி தாண்டியதும் நங்கூர போல்ட்டுகளுக்கும் பட்டறையிலிருந்து வந்த இரும்பு உத்திரங்களின் துளைகளுக்கும் பொருத்தம் இருக்காது.

இதற்காக மாதிரியைப் பெரிதாக்குவது பெருந்தவறு. 6 மீட்டர் உத்திரம் 6 மீட்டராகவே இருக்க வேண்டும். முதல் முளையை நிலையாக வைத்து, மற்றப் புள்ளிகளின் தூரங்களைக் காரணியால் வகுத்துத் தரை அளவிலான எண்களைச் சர்வேயரிடம் வாங்குவதே வழி. அவற்றை யூடிஎம் எண்களோடு யாரும் குழப்பிக்கொள்ளாதபடி, முதல் முளைக்கு 5000, 5000 போன்ற சிறிய எண் கொடுத்தால் இன்னும் நல்லது. வரைபடத்தோடு இணைக்க வேண்டிய ஐஎஃப்சி கோப்பில் மட்டும் யூடிஎம் எண்களும் காரணியும் இருக்கட்டும். மீட்டர் அலகில், முதல் தூணை மூலப்புள்ளியாகக் கொண்ட கோப்பில் அந்த வரி இப்படி அமையும்:

```
#30=IFCMAPCONVERSION(#12,#20,184250.,1099400.,132.5,0.8,0.6,1.000834);
```

முதல் மூன்று தசம எண்கள் இடமும் மட்டமும், 0.8, 0.6 இரண்டும் தூண் வரிசையின் திசை. கடைசி எண் அளவுக்காரணி. மண்டலத்தின் குறியீடான EPSG:32644, `#20` என்ற வரியில் இருக்கும்.

வேலை தொடங்கும் முன் சர்வேயரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த மண்டலம், தூரங்கள் தரை அளவா கட்ட அளவா, மட்டம் எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து எடுக்கப்பட்டது. கோப்பை அனுப்பும் முன் இரண்டு மூலைத் தூண்களின் எண்களைப் படித்து, அவருடைய பட்டியலோடு ஒப்பிடுங்கள்.