சுற்றறிக்கையிலிருந்து சரிபார்ப்புப் பட்டியல்

"நீர் தேங்கும் பாத்திரங்கள் கிரமமாகத் துப்புரவு செய்யப்படல் வேண்டும்." டெங்கு ஒழிப்புச் சுற்றறிக்கைகளில் இத்தகைய வாக்கியங்களைக் காணலாம். இதில் செய்பவர் யாரென்று இல்லை; நாளும் இல்லை. ஆகவே நான் முதலில் வினைச்சொல்லின் கீழ்க் கோடிட்டு, "யார்? எப்போது?" என்று கேட்பேன்.

"எப்போது" என்பதற்கு விடை நுளம்பிடமே உள்ளது. முட்டை நுளம்பாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் செல்லும். எனவே "கிரமமாக" என்பதை "வாரம் ஒருமுறை" என மாற்றுவேன்.

அடுத்து, ஒரு பெட்டிக்கு ஒரே செயல். டெங்கு நுளம்பின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். நீரை மட்டும் ஊற்றிவிட்டு "துப்புரவு" என்று அடையாளமிட்டால் முட்டைகள் எஞ்சிவிடும். ஆதலால் அதை இரண்டாகப் பிரிப்பேன்:

வகுப்புத் தலைவி – வியாழன்
☐ பூச்சாடித் தட்டின் நீரை ஊற்றியாயிற்று
☐ தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவியாயிற்று

சிற்றூழியர் – வியாழன்
☐ கூரைப் பீலியின் சருகுகளை அகற்றியாயிற்று

பொறுப்பாசிரியை – வெள்ளி
☐ இரண்டு இடங்களையும் நேரில் பார்த்தாயிற்று

யாருக்குரியதென்று தெரியாத வரி எஞ்சினால், நாமாக ஒரு பெயரை எழுதக்கூடாது. அதை அதிபரிடம் கேட்டே நிரப்ப வேண்டும்.