நீரியல் திறன்: ஓர் இலைச் செல்லும் ஒரு பயறும்

தாவரவியல் மாணவரிடம் ஒரு வினாவை வைப்போம். ஓர் இலைச் செல்லினுள் இருக்கும் சாறு, வெளியிலுள்ள உப்புக் கரைசலைவிட இருமடங்கு வலிமையுடையது. நீர் எத்திசையில் செல்லும்? "உள்ளே" என்று பெரும்பாலோர் உடனே விடையிறுப்பர். அவ்விடை எப்போதும் சரியாகாது.

நீர், தன் நீரியல் திறன் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் செல்கிறது. வளிமண்டல அழுத்தத்திலுள்ள தூய நீரின் திறனைச் சுழி எனக் கொள்கிறோம். பிற இடங்களில் அது மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகை:

Ψ = Ψs + Ψp + Ψm

கரைபொருள் திறனாகிய Ψs எப்போதும் எதிர்க்குறி உடையது. செல்சுவரின் இறுக்கத்தால் எழும் அழுத்தத் திறன் Ψp, விறைத்த செல்லில் நேர்க்குறி பெறும். புரதம், மாவுப்பொருள், செல்சுவர் போன்றவற்றின் பரப்புகள் நீரைப் பற்றி வைப்பதால் எழும் மேட்ரிக் திறன் Ψm எதிர்க்குறி உடையது. நீர் நிறைந்த நுண்குமிழ் கொண்ட செல்லில் அது புறக்கணிக்கத்தக்க அளவே.

இனி நம் கரைசலைக் கணக்கிடுவோம். ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ 4.7 கிராம் சாதாரண உப்பு, அதாவது 0.08 மோல், உள்ளது எனக் கொள்வோம். உப்பு இரு அயனிகளாகப் பிரிகிறது. 30 பாகை செல்சியஸில் RT-இன் மதிப்பு 2.52.

Ψs = −2 × 0.08 × 2.52 = −0.4 மெகாபாஸ்கல்

கரைசல் திறந்த பாத்திரத்தில் இருப்பதால் அழுத்தப் பகுதி இல்லை. அதன் Ψ −0.4 ஆகும். செல்லின் Ψs −0.8, Ψp +0.5 எனில், அதன் Ψ −0.3. ஆகவே நீர் செல்லிலிருந்து வெளியேறும்! கரைபொருளை மட்டும் ஒப்பிட்டவர் பிழைபட்டது சுவரின் அழுத்தத்தை மறந்ததால்தான். சிறிதளவு நீர் வெளியேறியதும் சுவர் தளரும். Ψp ஏறத்தாழ +0.4 ஆனதும் சமநிலை வந்துவிடும். செல் இன்னும் விறைப்பாகவே இருக்கும். ஆதலால் நுண்ணோக்கியில் உயிர்மம் சுவரை விட்டு விலகக் காணோம். அதைக் கொண்டு நீர் வெளியேறவில்லை என்று முடிவு கட்டலாகாது.

அதே கரைசலில் உலர்ந்த பச்சைப் பயறு ஒன்றை இட்டால் அது ஊதிப் பெருக்கிறது. இங்கே ஆட்சி செலுத்துவது மேட்ரிக் திறன். நன்கு உலர்ந்த விதையில் அது −100 மெகாபாஸ்கல் அளவுக்குத் தாழ்ந்திருக்கலாம். அதன் முன் −0.4 ஒரு பொருட்டன்று. நீர் ஏற ஏற அவ்விழுவிசை விரைந்து தளர்கிறது. உயிரிழந்த விதையும் இவ்வாறே ஊதும். ஆகவே ஊதியதைக் கண்டு முளைதிறன் உண்டென்று சொல்ல இயலாது. முளைவேர் வெளிவருகிறதா என்றே பார்த்தல் வேண்டும்.

மேட்ரிக் பகுதியையும் கரைபொருள் பகுதியையும் ஈரமான திசுவில் துல்லியமாகப் பிரித்தளப்பது அரிது. செய்முறைத் தேர்வில் இலைச் செல்லுக்கு Ψm-ஐ விட்டுவிடலாம். உலர்ந்த விதைக்கும் காய்ந்த மண்ணுக்கும் விடலாகாது.