கரு பேச்சில் இல்லை, மறைப்பில் இருக்கிறது

ஒரு கதையின் கரு பிரசங்கமாக மாறுவது பெரும்பாலும் கதை முடிய ஒரு பக்கம் இருக்கும்போதுதான். நடந்ததெல்லாம் வாசகருக்குப் புரிந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுதுபவருக்கு வந்துவிடுகிறது. உடனே ஒரு பெரியவரோ வாத்தியாரோ சாமியாரோ ஒரு பத்தி நீளத்துக்குப் பேசிவிடுகிறார். அந்தப் பத்தியை அடித்துவிடுவது எளிது. அடித்த பிறகு கரு எதில் தங்கும் என்பதுதான் கடினமான கேள்வி. எழுதிப் பழகியவர்களுக்குக் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு: உண்மையை அறிந்த பாத்திரத்துக்கு அதைச் சொல்லாமல் இருக்க வலுவான காரணம் ஒன்றைக் கொடுத்துவிடுவது.

ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ இதற்கு நல்ல பாடம். மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்டதும், மழையில் நனைந்து வந்ததற்காகத் திட்டுவதாகச் சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். அவள் மகளிடம் பேசவும் செய்கிறாள், கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள். ஆனாலும் கதையின் பாரத்தைத் தாங்குவது அந்தப் பேச்சல்ல, வாசலில் சொன்ன பொய்தான். அந்தப் பொய்யால் மகளுக்கு ஒரு வாழ்க்கை மிஞ்சுகிறது.

இதை ஜெயகாந்தனே பின்னர் ஒரு படைப்பில் சோதித்துப் பார்த்தார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே நிலைக்கு ஆளான கங்காவின் தாய் விஷயத்தை மறைக்கவில்லை. அவள் போட்ட கூச்சலில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்கா மாமாவின் தயவில் வாழ நேர்கிறது. தாயின் ஒரு செயலை மாற்றியதும் ஒரு பெண்ணின் விதியே மாறிவிட்டது. கரு செயலில் இருக்கிறதா, வசனத்தில் இருக்கிறதா என்று அறிய இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது.

இதே முறையைத் திருவண்ணாமலையில் நடக்கும் ஒரு கதையில் செய்து பார்க்கலாம். பௌர்ணமி இரவு, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை. வியாபாரத்தில் நன்றாக வந்துவிட்ட மகன் ஒருவன் நிருதி லிங்கத்தின் அருகே சாதுக்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறான். ஒவ்வொருவரையும் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொல்கிறான். வாங்குகிறவரின் மானத்தைப் பறிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது கதையின் கரு. முதல் படியில் ஒரு சாது இதை அவனுக்கு எடுத்துச் சொல்வார். அப்படி எழுதாதவர் குறைவு. அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும், அதைச் சொல்வதால் அவர் எதையும் இழப்பதில்லை. அதனால் அந்தச் சொல்லுக்கு எடையும் இல்லை.

திருத்திய படியில் சாது பேசுவதில்லை. மகனோடு அப்பாவும் நடந்து வருகிறார். சிறுவயதில் இதே பாதையோரம் கையேந்திச் சாப்பிட்டவர் அவர். மகனுக்கு அது தெரியாது. “அப்பா, நீங்களும் வந்து நில்லுங்க” என்று மகன் கூப்பிடுகிறான். “கால் வலிக்குதுடா. நின்னா அப்புறம் நடக்க முடியாது, நான் முன்னாடி போறேன்” என்று அவர் நடக்கிறார். உண்மையைச் சொன்னால் மகன் முன் ஐம்பது வருட மரியாதை போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார். சொல்லாவிட்டால் மகன் இப்படியேதான் கொடுப்பான். எதைச் செய்தாலும் அவருக்கு ஒரு நஷ்டம் உண்டு. அந்த நஷ்டம்தான் கதையின் கரு.

அவர் சொன்னது பொய் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? அதற்கான தடயம் இரண்டு மூன்று பக்கம் முன்பே, வேறு காரியத்துக்காக வந்ததுபோல் இருக்க வேண்டும். வரிசை எந்தப் புளியமரத்தடியில் தொடங்கும், எந்த நேரத்தில் சோறு தீர்ந்துபோகும் என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லிவிடலாம். வெளியூர்க்காரர் என்று மகன் நினைத்திருக்கும் ஒருவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. காலும் அதுவரை வலிக்காமல், மகனுக்கு முன்னே நடந்துகொண்டிருக்க வேண்டும். பொய் சொன்ன பிறகு விளக்கம் சேர்த்தால், பழைய பிரசங்கம் கதைசொல்லியின் குரலில் திரும்பி வந்துவிடும். பாத்திரத்தின் வாயிலிருந்து எடுத்ததைக் கதைசொல்லியின் வாயில் வைப்பது திருத்தம் ஆகாது.

எதிர்த்தரப்பையும் முட்டாளாக்கக் கூடாது. போட்டோவைப் பார்த்து நண்பர்கள் அடுத்த மாதத்துக்குப் பணம் அனுப்புகிறார்கள், இன்னும் நூறு பேர் சாப்பிடுகிறார்கள் என்று மகனுக்கு உண்மையான நியாயம் இருக்கட்டும். அப்போதுதான் அப்பாவின் மௌனம் நெருக்கடியாகும்.

இந்த முறையில் அளவு தவறினால் மறைப்பு புதிராகிவிடும். கதையை முன்பே அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, “கரு என்ன?” என்று கேட்காமல், “அப்பா ஏன் முன்னாடி போனார்?” என்று கேட்க வேண்டும். “கால் வலித்ததால்” என்று பதில் வந்தால் திருத்த வேண்டிய இடம் அந்த முந்தைய பக்கங்கள்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு வசனத்தைச் சேர்க்கக் கூடாது.