அமுக்கராவும் மெக்னீசியமும் பதற்றத்தைத் தணிக்குமா?

பதற்றத்திற்காக எங்களிடம் வருவோரில் பலர், அமுக்கராப் பொடியையோ மெக்னீசிய மாத்திரையையோ முன்பே உட்கொள்ளத் தொடங்கியிருக்கின்றனர். மருந்துக்கடையில் அஸ்வகந்தா என்று விற்கப்படும் மாத்திரையும், நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அமுக்கராக் கிழங்கும் ஒரே செடியின் வேரிலிருந்து வருபவையே.

அமுக்கராவைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, 2012ஆம் ஆண்டு ஐதராபாத்திலிருந்து வெளிவந்தது. நெடுநாள் மன அழுத்தம் கொண்ட 64 பேரில் ஒரு பிரிவினருக்கு வேரின் செறிவூட்டிய சாறு 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறையும், மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. 60 நாள்களில் மன அழுத்த மதிப்பெண் முதற்பிரிவில் ஏறத்தாழ 44 விழுக்காடும், மற்றதில் ஏறத்தாழ 5.5 விழுக்காடும் குறைந்தது. இது புறந்தள்ளத்தக்க முடிவன்று. ஆயினும் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. காலமும் இரண்டே மாதம். அவர்கள் மன அழுத்தம் கொண்டவர்களே அன்றி, பதற்ற நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் அல்லர். மேலும், ஆய்வில் தரப்பட்டது செறிவூட்டிய சாறு. பாலில் கலக்கும் ஒரு தேக்கரண்டிப் பொடி அதற்கு ஈடானது என்று கொள்ள இயலாது.

மெக்னீசியத்திற்கான சான்று இதனினும் மெலிந்தது. 2017இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பயன் இருக்கலாம் என்றும், ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் கூறினர். உடலில் அச்சத்துக் குறைந்தவர்க்கு அதனை ஈடுசெய்வது முறையே. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கோ அது இரத்தத்தில் தேங்கித் தீங்கு செய்யும்.

தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தைராக்சின் மாத்திரை உண்ணும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் தாமாகவே அமுக்கராவைத் தொடங்குகிறார். சில வாரங்களில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, உறக்கம் கெடுகிறது. பதற்றம் முற்றிவிட்டது என்று எண்ணி அவர் அளவைக் கூட்டுகிறார். உண்மையில், அமுக்கரா தைராய்டு இயக்குநீரை உயர்த்தக்கூடும். மிகுந்த தைராய்டின் அறிகுறிகளும் பதற்றத்தின் அறிகுறிகளும் ஒன்று போலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவைப் பார்க்க வேண்டும். அது இயல்பினும் தாழ்ந்திருந்தால் அமுக்கராவின் மீது ஐயம் கொள்கிறோம். அதனை நிறுத்தி, ஆறு வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்கிறோம். தைராக்சினைத் தாமே நிறுத்துதல் கூடாது. மெக்னீசியம் இதற்கு நேர்மாறாகத் தைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால், இரண்டிற்கும் இடையே நான்கு மணி நேரம் விடுதல் வேண்டும்.

அமுக்கராவால் கல்லீரல் பாதிப்புற்றவர்களும் உளர். எண்ணிக்கையில் அரிது எனினும், கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல், தோல் அரிப்பு ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும். கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். உறக்க மாத்திரை உண்பவர்கள் எங்களிடம் கேளாமல் இதனைச் சேர்க்க வேண்டாம், மயக்கம் மிகும். அடுத்த முறை வரும்போது, பொடியானாலும் மாத்திரையானாலும், அதன் புட்டியைக் கையோடு கொண்டு வாருங்கள்.