வடைச்சட்டியும் எண்ணெயின் ஆயுளும்

கமுதி போன்ற ஊர்களின் கடைத்தெருவில் மாலை வேளையில் வடைச்சட்டி அடுப்பேறும். உளுந்த வடை, பருப்பு வடை, வாழைக்காய் பஜ்ஜி என ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிந்து வெளிவரும். அத்தனையையும் பொரித்த எண்ணெய் மட்டும் சட்டியிலேயே தங்கிவிடும். அதனை மறுநாளும் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாமெனில் எத்தனை நாள்?

சட்டிக்குள் நிகழ்வது

எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு பிணைந்துள்ளன. ஏறத்தாழ 170 முதல் 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஈரமான மாவு விழும்போது, மாவின் நீர் ஆவியாகிக் குமிழியிடுகிறது. அந்நீரில் ஒரு பகுதி எண்ணெயின் பிணைப்பை அறுத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனித்துப் பிரிக்கிறது. மேற்பரப்பைத் தொடும் காற்றிலுள்ள ஆக்சிஜன், எண்ணெயைச் சிதைத்து ஆல்டிஹைடுகள் முதலிய சேர்மங்களை உண்டாக்குகிறது. நெடுநேரம் காய்ந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரியனவாகி, எண்ணெயைக் கெட்டியாக்குகின்றன. சட்டியின் விளிம்பில் பிசின்போல் ஒட்டிக்கொண்டு, தேய்த்தாலும் போகாத பழுப்புப் படலம் இவ்வாறு தோன்றியதே.

இம்மூவகை மாற்றங்களால் உண்டாகும் பொருள்களுள் பெரும்பாலானவை ‘முனைவுச் சேர்மங்கள்’ என்னும் பொதுப்பெயரால் அளக்கப்படுகின்றன. இவை மிகுந்த எண்ணெயை நாளும் உண்பதை உயர் இரத்த அழுத்தம், இரத்தக்குழாய்த் தடிப்பு, கல்லீரல் நோய் ஆகியவற்றோடு ஆய்வாளர் தொடர்புபடுத்துகின்றனர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, 2018 ஜூலை 1 முதல் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது.

நிறம் சொல்லும் பொய்

எண்ணெய் கறுத்தால் கொட்டிவிட வேண்டும் என்பர். ஆயினும் நிறம் நம்பத்தக்க சான்றன்று. மிளகாய்த்தூள் கலந்த பஜ்ஜி மாவு, எண்ணெயை ஒரே மாலையில் சிவக்கச் செய்யும். அப்பளம் மட்டும் பொரித்த எண்ணெய் பல நாள் வெளிறியே இருக்கும். ‘மூன்று முறைக்கு மேல் வேண்டா’ என்னும் அறிவுரை வீட்டுச் சமையலுக்கு ஏற்றது. கடைக்கு அது பொருந்துவது அரிது. மாலை முழுதும் கொதிக்கும் சட்டியில் ‘ஒரு முறை’ என்பதை எவ்வாறு கணக்கிடுவது?

நுரையும் புகையுமே மெய்யான தடயங்கள். நல்ல எண்ணெயில் வடையைச் சுற்றிப் பெரிய குமிழிகள் எழுந்து விரைவில் உடையும். கெட்ட எண்ணெயிலோ நுண்ணிய குமிழிகள் சோப்பு நுரைபோல் பரவி, வடையை எடுத்த பின்னும் அடங்கா. பொரிக்கும் வெப்பத்தை எட்டுமுன்னரே புகையெழுந்து கண் எரிந்தாலும், ஆறிய எண்ணெய் கரண்டியிலிருந்து தேன்போல் இழுபட்டு வடிந்தாலும், காறல் வாடை வீசினாலும் அது கழிக்க வேண்டிய எண்ணெயே. கண் எரிச்சலுக்குக் காரணம், கிளிசரால் சிதைந்து தோன்றும் அக்ரோலின் என்னும் ஆவி. ஐயம் நீங்க வேண்டுமெனில் அளவிடும் கருவி உண்டு. அதன் முனையைச் சூடான எண்ணெயில் நனைத்தால், சிறிது நேரத்தில் முனைவுச் சேர்மங்களின் விழுக்காடு திரையில் தோன்றும்.

பழையதன்மேல் புதியது

கடைக்காரர் எண்ணெயைக் கொட்டுவதில்லை. குறைந்ததற்கு ஈடாகப் புதியதை ஊற்றுகிறார். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சட்டியில் 3 லிட்டர் பழைய எண்ணெய் எஞ்சியுள்ளது. அதன் முனைவுச் சேர்மம் 24 விழுக்காடு. அதனுடன் 4 விழுக்காடுள்ள புதிய எண்ணெய் 1 லிட்டர் சேர்கிறது. 3 × 24 = 72; 1 × 4 = 4; கூட்டுத்தொகை 76. அதனை 4 லிட்டருக்குப் பகிர்ந்தால் 19 விழுக்காடு. நிறம் தெளிகிறது, கருவியும் ‘பயன்படுத்தலாம்’ என்கிறது. ஆனால் பழைய எண்ணெயின் சிதைவுப் பொருள்கள் எங்கும் போய்விடவில்லை. அவை புதிய எண்ணெயின் சிதைவையும் விரைவுபடுத்துவதால், 4இலிருந்து 19 வரை ஏற எடுத்த காலத்தைவிட, 19இலிருந்து 25ஐ எட்டும் காலம் மிகக் குறைவு. பண்டம் உறிஞ்சும் எண்ணெய்க்கு ஈடாக நாள்தோறும் பெரும்பங்கு புதிய எண்ணெய் சேரும் பெருந்தொழிற்கூடங்களில் இம்முறை ஓரளவு பலிக்கும். வாணிகம் மந்தமான நாளிலும் அடுப்பு அணையாத சிறுகடைக்கு அது பலிக்காது.

வடிகட்டுதலையும் மிகையாக நம்பலாகாது. கருகிய துகள்களை அது நீக்கும். துகள் நீங்கிய எண்ணெய் சற்று நீடிக்கும். ஆயினும் எண்ணெயில் கரைந்துவிட்ட சேர்மங்களை வடிதுணி பிரிக்காது.

தெரிந்து தெளிவோம்

கழித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினால் அது குளிர்ந்து குழாயை அடைக்கும். 2018 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘ரூக்கோ’ திட்டத்தின்படி, இத்தகைய எண்ணெயை உரிமம் பெற்ற சேகரிப்பாளர் விலைக்கு வாங்கி, உயிரி டீசல் ஆக்கும் ஆலைகளுக்கு அனுப்புகின்றனர். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பெண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள், வாங்கிய அளவையும் கழித்த அளவையும் பதிவேட்டில் எழுதிவர வேண்டும்.